பொருள்: விளையாட்டுப் பிரிவில் துணை ஆசிரியர் பணி

"சிறு வயதிலிருந்தே எனக்குக் கிரிக்கெட் என்றால் உயிர்." பத்திரிகைகளின் விளையாட்டுப் பிரிவுக்கு இதழியல் பட்டதாரிகள் எழுதும் கவரிங் லெட்டர் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படிப்பவருக்கு அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. டீக்கடை வாசலில் நின்று ஸ்கோர் கேட்பவர் எவரும் அதே வரியைச் சொல்லலாம். அவர் யாரும் இரவு பதினொன்றரைக்கு ஒரு பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டியதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பயோடேட்டாவில் படிப்பும் மதிப்பெண்ணும் இருக்கும். அதோடு சேர்த்து அனுப்பும் ஒரு பக்கக் கடிதத்துக்கு மற்ற அலுவலகங்களில் பெரிய மதிப்பு இல்லை. மின்னஞ்சலோடு ஒட்டிக்கொண்டு வரும் சம்பிரதாயம். பத்திரிகை அலுவலகத்தில் கதை வேறு. அங்கே அதைத் திறப்பவர் நாள் முழுக்க மற்றவர்கள் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்குபவர். கடிதத்தையும் அவர் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். முதல் வரியில் விஷயம் வந்துவிட்டதா, பெயர்கள் சரியா, எந்த வரியை வெட்டலாம் என்று மனம் தானாகவே ஓடும். விண்ணப்பதாரர் எழுதிய முதல் காப்பி அவர் மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்பது தெரியாமல் எழுதப்படும் கடிதம் முதல் பத்தியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். "தோனியைப் பேட்டி எடுக்க வேண்டும் என்பது என் கனவு" என்று எழுதுபவர் நிருபர் வேலையை நினைத்துக்கொண்டிருக்கிறார். விளம்பரத்தில் கேட்டிருப்பதோ துணை ஆசிரியரை, அலுவலகப் பேச்சில் 'சப் எடிட்டரை'. நிருபர் மைதானத்துக்குப் போவார். சப் எடிட்டர் கணினிக்கு முன் உட்கார்ந்து, செய்தி நிறுவனங்கள் அனுப்பும் ஆங்கிலக் காப்பியைத் தமிழில் சுருக்குவார். மாவட்ட நிருபர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கபடி முடிவைச் சரிபார்ப்பார். தலைப்பு, படக்குறிப்பு, ஸ்கோர் பட்டியல் எல்லாம் அவர் கையில்தான். சிறிய பிரிவுகளில் பக்கத்தை வடிவமைப்பவரும் அவரே.

ஐ.பி.எல். நடக்கும் ஓர் இரவை எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கும். முடிய பதினொன்றைத் தாண்டும். தொலைவில் இருக்கும் ஊர்களுக்குப் போகும் முதல் பதிப்பு அதற்கு முன்பே அச்சேறியாக வேண்டும். எனவே முதல் இன்னிங்ஸ் முடியும்போதே சப் எடிட்டர் அது வரைக்குமான செய்தியை எழுதி முடித்து, ஒரு தலைப்பும் போட்டு வைத்திருப்பார். முதல் பதிப்பு அதோடு போகும். அடுத்த பதிப்புக்கு இரண்டாவது இன்னிங்ஸ் சேரும். கடைசிப் பந்து விழுந்ததும் முடிவைச் சொல்லும் புதிய முதல் பத்தியை மேலே வைத்து, கீழே நீண்டுபோன பழைய பத்திகளை வெட்டுவார். சூப்பர் ஓவர் வந்துவிட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் கலைந்து மறுபடி கட்டப்படும். ரசிகர்கள் எழுந்து நின்று கத்தும் அந்த நிமிடங்களில் இவர் வார்த்தை எண்ணிக்கொண்டிருப்பார். கிரிக்கெட் என்றால் உயிர் என்பவருக்கு இது கொஞ்சம் கொடுமையான வேலைதான்.

சரி, ஒரு கடிதத்தையே எடுத்துப் பார்க்கலாம். எழுதியவர் கோவில்பட்டிக்காரப் பெண், இதழியலில் முதுகலை முடித்தவர், சென்னையிலிருந்து வரும் ஒரு தமிழ் நாளிதழுக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெண்ணும் கடிதமும் கற்பனை. ஊர் கற்பனை இல்லை. தமிழக ஹாக்கியில் கோவில்பட்டிக்கு இருக்கும் இடம் தெரிந்ததே. அங்கே செயற்கைப் புல் மைதானம் இருக்கிறது, அரசின் ஹாக்கிப் பயிற்சி விடுதி இருக்கிறது, கோடையில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கிறது. 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் அங்கே பயிற்சி பெற்றவர்கள்.

இவருடைய முதல் வரைவு இப்படிப் போகிறது:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பாரம்பரியமும் பெருமையும் மிக்க தங்கள் நாளிதழில் பணிபுரிவது என் நெடுநாள் கனவு. சிறு வயதிலிருந்தே விளையாட்டின் மீது தீராத ஆர்வம் கொண்ட நான், இதழியலில் முதுகலைப் பட்டம் பெற்றுள்ளேன். கடின உழைப்பும் குழுவாகச் செயல்படும் திறனும் என் பலம். விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல, அது ஒரு வாழ்க்கை முறை என்று நம்புகிறேன். மூன்று முறை ரஞ்சிக் கோப்பை வென்ற தமிழகத்தின் விளையாட்டுப் பெருமையைத் தங்கள் வாயிலாக உலகறியச் செய்வேன்."

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பெயரை எடுத்துவிட்டு இன்னொருவர் பெயரைப் போட்டால் அவருக்கும் பொருந்தும் என்பதுதான் சிக்கல். 'தங்கள் நாளிதழ்' என்ற இடத்தில் எந்த நாளிதழையும் நிறுத்தலாம். கோவில்பட்டி எங்குமே இல்லை. போதாததற்கு ஒரு தகவல் பிழையும் இருக்கிறது. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை வென்றது இரண்டே முறை: மெட்ராஸ் என்ற பெயரில் ஆடிய 1954-55 பருவத்திலும், பிறகு 1987-88இலும். விளையாட்டுப் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி எண்கள் நாக்கு நுனியில் இருக்கும். பெருமை பேசப் போய் எண்ணைத் தவறவிட்டவர் நாளைக்கு ஸ்கோர் பட்டியலில் என்ன செய்வார் என்று அவர்கள் கணக்குப் போட ஒரு நொடி போதும்.

இந்தப் பிழை அபூர்வமானதில்லை. மாரியப்பன் தங்கவேலு மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்றார் என்பது சரி. மூன்றும் தங்கம் என்று எழுதிவிட்டால் தவறு. 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். நினைவிலிருந்து எழுதும்போது எல்லோருடைய பதக்கமும் கொஞ்சம் மஞ்சளாகிவிடுகிறது. கடிதத்தில் ஓர் எண் வந்தால் அதை அச்சுக்குப் போகும் எண்ணைப் போலச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்க நேரமில்லை என்றால் அந்த எண்ணே வேண்டாம்.

அதே பெண் மறுபடி எழுதுகிறார்:

"ஐயா, தங்கள் விளையாட்டுப் பிரிவில் துணை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். சென்ற கோடையில் கோவில்பட்டி அகில இந்திய ஹாக்கிப் போட்டியை எங்கள் துறை இதழுக்காகத் தொடர்ந்து எழுதினேன். ஆட்டங்கள் மின்னொளியில் நடந்ததால் கடைசி ஆட்டம் முடிந்த அரை மணி நேரத்தில் 150 சொற்களில் செய்தி கொடுக்க வேண்டியிருந்தது. கோல் அடித்தவர் பெயரையும் நிமிடத்தையும் தொழில்நுட்ப மேசையில் கேட்டு உறுதி செய்த பிறகே அனுப்பினேன். அவற்றில் ஒன்றை இணைத்திருக்கிறேன்."

முதல் வரியில் எந்த வேலை என்று சொல்லியாகிவிட்டது. இரண்டாவது வரியில் ஊரும் ஆட்டமும் வந்துவிட்டன. சப் எடிட்டர் உண்மையில் நிமிர்ந்து உட்காருவது நான்காவது வரியில். ஹாக்கி ஆட்டம் பார்த்த எவருக்கும் தெரியும்: கோல் வளையத்துக்குள் ஏழெட்டு மட்டைகள் மோதும்போது கடைசியாகப் பந்தைத் தொட்டது யார் என்பது காலரியிலிருந்து தெரியாது. அறிவிப்பாளரும் சில நேரம் தவறாகச் சொல்வார். அதிகாரப்பூர்வக் குறிப்பு தொழில்நுட்ப மேசையில்தான் இருக்கும். அங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர் மைதானத்தில் வேலை பார்த்திருக்கிறார். 'கடின உழைப்பாளி' என்ற சொல் இல்லாமலே அது புரிந்துவிடுகிறது.

இரண்டாவது பத்தியில் அவர் மேசை வேலைக்கு வருகிறார்.

"ஆங்கிலச் செய்தியைத் தமிழில் சுருக்கிப் பழகியிருக்கிறேன். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியாட்டம் பற்றிய நீண்ட ஆங்கிலச் செய்தி ஒன்றை 90 சொற்களில் எழுதி, தலைப்போடு இணைத்திருக்கிறேன். இன்டிசைனில் எங்கள் துறை இதழின் இரண்டு பக்கங்களை வடிவமைத்திருக்கிறேன். நாளிதழ் வேகத்தில் செய்ததில்லை."

கடைசித் துணுக்கை வைப்பதா எடுப்பதா என்று அவர் யோசித்திருக்கக்கூடும். வைத்தது நல்லது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வெளிப்படப் போகும் விஷயம் அது. முன்கூட்டியே சொன்னவருக்குப் பக்கத்தில் ஒரு மூத்தவரை உட்கார வைப்பார்கள். சொல்லாதவர் தனியாக மாட்டிக்கொள்வார்.

இணைத்திருக்கும் அந்த 90 சொற்கள்தான் கடிதத்தைவிட அதிக நேரம் படிக்கப்படும். அந்த இறுதியாட்டம் சென்னை எழும்பூரில், மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில், 2023 ஆகஸ்ட் 12 இரவு நடந்தது. வகுப்பறைப் பழக்கத்தில் எழுதினால் முதல் பத்தி இப்படி வரும்: "சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கிப் போட்டி ஆகஸ்ட் 3ஆம் தேதி தொடங்கி நடைபெற்று வந்தது. இதில் இந்தியா உள்ளிட்ட 6 நாடுகள் பங்கேற்றன. இறுதியாட்டத்தில் இந்தியாவும் மலேசியாவும் மோதின." மூன்று வாக்கியம் முடிந்தும் யார் ஜெயித்தார் என்பது தெரியவில்லை. காலையில் பேப்பரைப் பிரிப்பவருக்குப் போட்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்பது பத்து நாள் பழைய செய்தி.

மேசைக்குத் தேவை வேறு: "இடைவேளையில் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா, மலேசியாவை 4-3 என்று வீழ்த்தி ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை 4வது முறையாகக் கைப்பற்றியது. ஹர்மன்பிரீத் சிங்கும் குர்ஜந்த் சிங்கும் 45வது நிமிடத்தில் அடுத்தடுத்து கோல் அடித்துச் சமன் செய்ய, 56வது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் வெற்றி கோலை அடித்தார்." ஆட்டத்தின் முழுக் கதையும் இந்த இரண்டு வாக்கியத்தில் வந்துவிடுகிறது. இதற்குக் கீழே இருப்பது எல்லாம் விவரம். கடைசி நேரத்தில் கால் பக்க விளம்பரம் ஒன்று வந்து இடத்தைப் பிடித்தால் கீழிருந்து எத்தனை வரி போனாலும் செய்தி நிற்கும். அந்த அணியில் கார்த்தி செல்வமும் இருந்தார். அதைத் தமிழ் வாசகருக்காக மூன்றாவது வாக்கியத்தில் சேர்க்கலாம் என்று இந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருந்தால், செய்தி நிறுவனக் காப்பியை மொழிபெயர்ப்பதற்கும் நாளிதழுக்காக எழுதுவதற்கும் உள்ள தூரத்தை அவர் தாண்டிவிட்டார்.

கடிதத்தையும் இதே மாதிரி கீழிருந்து வெட்டிப் பார்க்கலாம். கடைசிப் பத்தியை எடுத்துவிட்டால் விண்ணப்பத்துக்குச் சேதம் இல்லையா? அதற்கு முந்தைய பத்தியையும் எடுத்தால்? முதல் பத்தி மட்டும் மிஞ்சினாலும் யார், எந்த வேலைக்கு, என்ன செய்து காட்டியிருக்கிறார் என்பது நின்றால் கடிதம் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. முதல் வரைவுக்கு இந்தச் சோதனையை வைத்தால் ஆர்வமும் பட்டமும்தான் மிஞ்சுகின்றன.

மாதிரிகளுக்கு மூன்று போதும். இருபது இணைப்புகளை அனுப்புபவர் எது நல்லது என்று தீர்மானிக்கும் வேலையைப் படிப்பவர் தலையில் போடுகிறார். தீர்மானிப்பதுதான் சப் எடிட்டரின் வேலையே. இந்தப் பெண் ஓர் ஆட்டச் செய்தியையும் ஒரு சுருக்கத்தையும் வைத்துவிட்டார். மூன்றாவதாக ஆட்டத்துக்கு வெளியே ஒன்று வேண்டும். அவர் ஊரிலேயே அது காத்திருக்கிறது. நீர் பாய்ச்சி ஆடும் வகைச் செயற்கைப் புல்லை ஆட்டத்துக்கு முன்னால் நனைக்க வேண்டும். நனைக்காமல் ஆடினால் பந்து ஓட்டம் மாறும், விழுந்தால் தோல் உரியும். கோடையில் தண்ணீருக்குத் தவிக்கும் கரிசல் பூமியில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் பணம் கட்டுகிறார், லாரி வராத நாளில் பயிற்சி என்ன ஆகிறது? மைதானப் பராமரிப்பாளரிடமும் பயிற்சியாளரிடமும் இரண்டு நாள் பேசினால் எழுதக்கூடிய கட்டுரை இது. சென்னையில் இருந்துகொண்டு யாராலும் எழுத முடியாது.

இங்கே ஒரு பொது உண்மையையும் சொல்லிவிடலாம். கிரிக்கெட் தெரிந்தவர்கள் எந்த விளையாட்டுப் பிரிவிலும் ஏற்கனவே இருக்கிறார்கள். ஐந்தாவதாக இன்னொரு கிரிக்கெட் ரசிகர் வந்தால் பெரிய லாபமில்லை. தடகளத்திலோ, கைப்பந்திலோ, செஸ்ஸிலோ விவரம் தெரிந்த ஆள் கிடைத்தால் லாபம். 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் 14வது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது, தமிழ்ப் பத்திரிகை அலுவலகங்களில் அன்று மாலை தேவைப்பட்டவர் யார் என்று யோசித்துப் பார்க்கலாம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம் ஒரே நகர்த்தலில் எப்படி உடைந்தது என்பதைச் சதுரங்கம் ஆடாத வாசகருக்கு மூன்று வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவர். டிங் தன் ரூக்கை எதிராளி மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டத்துக்கு நகர்த்தினார். குகேஷ் ரூக்கை ரூக்குக்கும் பிஷப்பைப் பிஷப்புக்கும் கொடுத்து மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம், அதன் பிறகு டிங் தப்ப வழியில்லை. இதை எழுதக்கூடியவர் தன் கடிதத்தில் கிரிக்கெட் பற்றி மூச்சு விட வேண்டியதில்லை.

பத்திரிகையைப் புகழும் பத்திக்கும் ஒரு மாற்று உண்டு. அந்த நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தை இரண்டு வாரம் தொடர்ந்து வாசித்துவிட்டு, கண்ணில் பட்ட ஒரு விஷயத்தைச் சொல்வது. "பள்ளிகளுக்கு இடையிலான மாநிலப் போட்டி முடிவுகள் மாவட்டப் பக்கங்களில் சிதறி வருகின்றன, வாரம் ஒரு நாள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரே பத்தியாகத் தொகுத்துக் கொடுக்க எனக்கு விருப்பம்" என்று இந்தப் பெண் எழுதலாம். இதில் குறை சொல்லும் தொனி இல்லை, செய்யத் தயாராக இருக்கும் வேலை இருக்கிறது. பிரிவு ஆசிரியர் அதை ஏற்காமல் போகலாம். ஆனாலும் இவர் பக்கத்தைப் படித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

துணிச்சல் எந்த அளவு போகலாம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1958 அக்டோபரில் அமெரிக்க இளைஞர் ஒருவர் கனடாவின் 'வான்கூவர் சன்' நாளிதழுக்கு வேலை கேட்டு எழுதினார். விமானப்படைத் தளத்துப் பத்திரிகையில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். தன் அனுபவத்தில் பெரும் பகுதி விளையாட்டு எழுத்து என்று அதில் சொல்கிறார். தங்கள் பத்திரிகையின் ஒரு பிரதியைக்கூட இன்னும் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். முந்தைய முதலாளிக்குத் தன்னைப் பிடிக்காது என்கிறார். தேவைப்பட்டால் ஒரு நாளைக்கு 25 மணி நேரம் வேலை பார்ப்பதாகவும் வாக்குக் கொடுக்கிறார். எழுதியவர் ஹண்டர் எஸ். தாம்சன், பின்னாளில் உலகம் அறிந்த பத்திரிகையாளர். இன்றும் அந்தக் கடிதத்தைப் படித்துச் சிரிக்காமல் இருக்க முடியாது. ஆனால் தாம்சன் அந்தப் பத்திரிகையில் ஒருநாளும் வேலை பார்க்கவில்லை. இதழியல் மாணவர்களிடம் அந்தக் கடிதம் சுற்றிக்கொண்டே இருப்பதால் அதைப் பார்த்து எழுதும் ஆசை பலருக்கு வருகிறது. தாம்சனின் நடை இல்லாதவர் தாம்சனின் திமிரை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எதிர்த்திசையில் நெவில் கார்டஸ். மான்செஸ்டரில் வறுமையில் வளர்ந்தவர், கல்லூரிப் பக்கம் போகாதவர், ஒரு பள்ளியில் கிரிக்கெட் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் அந்த வேலையும் போன பிறகு 'மான்செஸ்டர் கார்டியன்' ஆசிரியர் சி.பி. ஸ்காட்டுக்கு எழுதினார். எழுத்தாளர் வேலை கேட்கவில்லை. குமாஸ்தா வேலை கேட்டார். ஆனால் தன் எழுத்தின் மாதிரிகளைக் கூடவே அனுப்பியிருந்தார். ஸ்காட் மாதிரிகளைப் படித்தார். 1917இல் கார்டஸ் அங்கே நிருபராகச் சேர்ந்தார். 1919இல் உடல்நலம் கெட்டுத் தேறிவந்தபோது, காற்றாட இருக்கட்டும் என்று செய்தி ஆசிரியர் அவரை ஓல்டு டிராஃபோர்டு மைதானத்துக்கு ஒரு கவுண்டி ஆட்டம் பார்க்க அனுப்பினார். கிரிக்கெட் எழுத்தில் அவருக்கு இருக்கும் இடம் அந்த ஆட்டத்திலிருந்து தொடங்குகிறது. கடிதத்தில் கேட்டது ஒன்று, இணைப்பு வாங்கிக் கொடுத்தது இன்னொன்று.

இனி, நல்ல கடிதங்களும் படிக்கப்படாமல் போகும் ஒரு காரணம். தமிழில் தட்டச்சு செய்பவர்களில் பலர் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைப் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பெறுபவரின் கணினியிலோ கைப்பேசியிலோ அந்த எழுத்துரு இல்லாவிட்டால் 'தமிழ்' என்ற சொல் jkpo; என்று தெரியும். ஒரு பக்கக் கடிதம் முழுவதும் அப்படி வந்தால் எவரும் உட்கார்ந்து மாற்றிப் படிக்கப் போவதில்லை. யூனிகோடில் தட்டச்சு செய்து, பி.டி.எஃப். ஆக மாற்றி, தன் மின்னஞ்சலுக்கே ஒரு முறை அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பார்த்துவிட்டால் இந்த ஆபத்து தீர்ந்தது. கோப்புக்கு 'புதியது 2 இறுதி' என்று பெயர் வைக்காமல், தன் பெயரையும் வேலையின் பெயரையும் வைத்தால் பத்து விண்ணப்பங்களை ஒரே இடத்தில் சேமித்து வைத்திருப்பவர் நன்றி சொல்வார்.

இன்னொரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது எல்லா ஆண்டும் நடக்கும் விபத்து. நடுப் பத்தியில் போட்டிப் பத்திரிகையின் பெயர் ஒன்று அப்படியே நிற்கும். மற்ற பிழைகளை மன்னிப்பவர்கூட இதை மன்னிப்பது கஷ்டம், ஏனென்றால் சப் எடிட்டர் பார்க்க வேண்டிய பிழை அதுதான். ஆசிரியரின் பெயரைப் போட்டு எழுதுவதாக இருந்தால் முதலெழுத்து வரை சரியாக இருக்க வேண்டும். நிச்சயமில்லை என்றால் 'விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் அவர்களுக்கு' என்பதே மரியாதைக் குறைவில்லாத விளிப்பு.

இரவு வேலை பற்றி ஒரு வரி அவசியம் இருக்க வேண்டும். "இரவுப் பணிக்குத் தயார்; இப்போது சென்னையில்தான் தங்கியிருக்கிறேன்" என்றால் முடிந்தது. இரவு பன்னிரண்டரைக்கு வீட்டுக்குத் திரும்ப அலுவலக வாகனம் உண்டா என்ற கேள்வி நியாயமானது, பெண்களுக்கு மட்டுமான கேள்வியும் இல்லை. அதைக் கடிதத்தில் போடாமல் நேர்காணலில் நேராகக் கேட்பதே சரி. சம்பளமும் அப்படித்தான்.

கடிதம் எடுபட்டால் அடுத்து வருவது பெரும்பாலும் ஒரு சிறு தேர்வு. ஒரு நீண்ட ஆங்கிலக் காப்பியைக் கையில் கொடுத்து, இத்தனை சொல்லில், இத்தனை நிமிடத்தில் என்பார்கள். இரண்டு தலைப்பும் கேட்கலாம்: ஒன்று ஒரு பத்திக்கு அடங்குவது, மற்றது பக்க அகலத்துக்கு. திருத்துபவர் முதலில் பார்ப்பது நடையை அல்ல, வெளிநாட்டுப் பெயர்களை. போலந்து டென்னிஸ் வீராங்கனை இகா ஸ்வியாடெக்கின் பெயர் முதல் பத்தியில் ஒரு விதமாகவும் படக்குறிப்பில் வேறு விதமாகவும் இருந்தால் சிவப்பு மை அங்கேதான் விழும். அந்த நாளிதழ் அவர் பெயரை வழக்கமாக எப்படி எழுதுகிறது என்பது இரண்டு வாரம் பக்கத்தைப் படித்தவருக்குத் தெரிந்திருக்கும். செட் கணக்கில் இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்பது அதற்கு அடுத்து.

பதிலே வராமல் பத்து நாள் போனால் ஒரு முறை தொலைபேசியில் கேட்பதில் தவறில்லை. பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு மணிக்குள் கூப்பிடுவது நல்லது. வேலைக்கு வந்தவர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும் நேரம். மாலை ஏழு மணிக்கு மேல், அதுவும் ஆட்டம் நடக்கும் நாளில் கூப்பிட்டு, "சார், நான் அனுப்பின மெயில் பாத்தீங்களா?" என்று கேட்பவருக்கு விளையாட்டுப் பிரிவு எப்படி இயங்குகிறது என்பது இன்னும் தெரியவில்லை என்று மறுமுனையில் இருப்பவர் குறித்துக்கொள்வார்.